மார்ஜின் பெரிசு, வாராக் கடன் இறங்குது: இந்த வங்கிப் பங்கை வாங்கலாமா?

கேள்வி: ஐயா, செம்பனை ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டக் கம்பெனிப் பங்குகள் கொஞ்சம் வைத்திருக்கிறேன். விற்பனை, கடன், கையில் வரும் காசு, இந்த மூன்றையும் பார்த்துத்தான் வாங்குவேன். இப்போது ஒரு வங்கிப் பங்கின் மேல் கண். அதன் வட்டி மார்ஜின் 2.8 விழுக்காடு. பெரிய வங்கி ஒன்றுக்கு 2 விழுக்காடுதான். வாராக் கடனும் ஒரே வருடத்தில் 2 விழுக்காட்டிலிருந்து 1.7-க்கு இறங்கிவிட்டது. ஆனால் கடன் மட்டும் மூலதனத்தைப்போல் ஒன்பது மடங்கு! பயமாக இருக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, உங்களைப் பயமுறுத்துகிற எண் பயப்பட வேண்டியதல்ல. உங்களுக்குப் பிடித்துப்போன இரண்டு எண்களைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அந்த ஒன்பது மடங்கில் பெரும்பகுதி நம்மைப் போன்றவர்கள் போட்டு வைத்த வைப்புத்தொகை. உங்கள் ஆலைக்குப் பழக்குலை எப்படியோ, வங்கிக்கு அது அப்படி: வாங்கும் விலை வைப்புக்குக் கொடுக்கும் வட்டி, விற்கும் விலை கடனுக்கு வாங்கும் வட்டி. கையில் வரும் காசுக் கணக்கும் இங்கே உதவாது. கடன் நிறையக் கொடுத்த வருடத்தில் காசு வெளியே போனதாகக் காட்டும், வைப்பு பெருகினால் உள்ளே வந்ததாகக் காட்டும். அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிடலாம்.

மார்ஜினுக்கு வருவோம். உங்கள் எண்களை வைத்து நானே ஓர் உதாரணம் போடுகிறேன். வட்டி ஈட்டும் சொத்து 100 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வங்கி 4.20 ஈட்டி, 2.20 வட்டி கொடுக்கிறது, மார்ஜின் 2.00. உங்கள் வங்கி 5.60 ஈட்டி, 2.80 கொடுக்கிறது, மார்ஜின் 2.80. தனிநபர் கடன், பழைய கார், சிறு வியாபாரி என்று கொடுத்தால்தான் 5.60 கிடைக்கும். சம்பளக்காரரின் வீட்டுக் கடனில் அது வராது.

கட்டணம், கமிஷன் வகையில் இரண்டுக்கும் 40 சென் வரட்டும். செலவு பெரிய வங்கிக்கு 1.10. சின்னச் சின்னக் கடனாகக் கொடுத்து வசூலிக்க ஆள் அதிகம் வேண்டும் என்பதால் உங்கள் வங்கிக்கு 1.50. மீதி 1.30, 1.70. இன்னும் ஒரு செலவு இருக்கிறது: திரும்பி வராத கடனுக்கான ஒதுக்கீடு. நல்ல வருடத்தில் அது 15 சென், 50 சென். வரிக்கு முன் லாபம் 1.15, 1.20. எண்பது சென் மார்ஜின் வித்தியாசம் ஐந்து சென்னாகச் சுருங்கிவிட்டது.

வேலை இழப்பு கூடிய ஒரு வருடத்தில் ஒதுக்கீடு 40 சென், 1.50 என்று ஏறினால் லாபம் 90 சென், 20 சென். டிவிடென் எங்கிருந்து வரும்? ஆகவே மார்ஜினை ஒதுக்கீட்டைக் கழிக்காமல் பார்க்காதீர்கள். அதையும் ஒரு வருடத்துக்குப் பார்த்தால் போதாது, 2020 உள்ளே வருகிற மாதிரி பல வருடங்களுக்குப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: மார்ஜினை நீங்களே கணக்குப் போடுவதாக இருந்தால், நம் நாட்டு வங்கிகளில் பல இஸ்லாமிய வங்கி வருமானத்தைத் தனி வரியில் காட்டுகின்றன. சொத்து பக்கத்தில் அந்தக் கடன்களும் சேர்ந்திருக்கும். அந்த வரியை விட்டுவிட்டால் மார்ஜின் பொய்யாகக் குறைந்து தெரியும்.

மார்ஜின் ஒரு காலாண்டு இறங்கினால் உடனே பதறவும் வேண்டாம். பேங்க் நெகாரா 2025 ஜூலையில் கொள்கை வட்டியான ஓபிஆரை 3.00-லிருந்து 2.75 விழுக்காட்டுக்குக் குறைத்தது. அப்படிக் குறைக்கும்போது மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடன்களின் வட்டி சீக்கிரமே இறங்கிவிடும். நிரந்தர வைப்புக்கோ, தவணை முடியும்வரை பழைய வட்டியைத்தான் கொடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் மார்ஜின் நசுங்கும், அப்புறம் ஓரளவு மீளும்.

இனி அந்த 1.7. தவணை மூன்று மாதம் தாண்டி நிலுவையில் நின்றால் பொதுவாக அது வாராக் கடன். விழுக்காடு இறங்க இரண்டு சுலபமான வழிகள் உண்டு. கணக்கிலிருந்து நீக்கிவிடலாம், அல்லது புதுக் கடனை அள்ளிக் கொடுத்துக் கீழெண்ணைப் பெருக்கலாம். எது நடந்தது என்று அறிய, புர்சா மலேசியா தளத்தில் காலாண்டு அறிக்கையைத் திறந்து, பின்குறிப்புகளில் வாராக் கடன் ஏறி இறங்கிய பட்டியலைத் தேடுங்கள். ஐந்தாறு வரிதான் இருக்கும்.

உங்கள் வங்கியில் அது இப்படி இருக்கக்கூடும். வருடத் தொடக்கத்தில் மொத்தக் கடன் 50 பில்லியன், வாராக் கடன் 1,000 மில்லியன். புதிதாக வாராமல் போனது 900. தவணை கட்டி மீண்டும் நல்ல கணக்குக்குத் திரும்பியது 250. வசூலானது 200. நீக்கியது 500. முடிவில் 950. இதற்குள் மொத்தக் கடன் 57 பில்லியன் ஆகிவிட்டதால் 1.67 விழுக்காடு. பார்க்க அழகுதான். நீக்கியதைத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள்: 1,450 மில்லியன், 57.5 பில்லியனில் ஏறக்குறைய 2.5 விழுக்காடு!

இதில் நான் முதலில் தேடுவது அந்த 900-ஐத்தான். முந்தின வருடம் அது 600 என்றால், விழுக்காடு இறங்கியபோதே நோய் ஏறியிருக்கிறது. அது போதாதென்று, ஏழு பில்லியன் புதுக் கடன் இன்னும் பழுக்கவில்லை. கடன் வாங்கிய முதல் சில மாதங்களில் யாரும் தவணை தவறுவது அபூர்வம். வேகமாகக் கடன் கொடுக்கும் வங்கியின் விழுக்காடு அதனாலேயே கொஞ்ச காலம் நன்றாகத் தெரியும்.

2018-இல் நடப்புக்கு வந்த எம்எப்ஆர்எஸ் 9 கணக்கு முறையில் ஒரு வசதி உண்டு. கடன்களை மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். மூன்றாவதுதான் வாராக் கடன். இரண்டாம் நிலை, இன்னும் வாராமல் போகாவிட்டாலும் ஆபத்து கணிசமாகக் கூடிய கடன். அது வருடா வருடம் வீங்கினால், அதில் ஒரு பகுதியாவது மூன்றாம் நிலைக்கு வந்து சேரும். ஒரு விதிவிலக்கு: 2020 ஏப்ரலில் ஆறு மாதத் தவணை விலக்கு வந்தது. கட்டாதவரும் தவறியவராகக் கணக்கில் வரவில்லை. அந்த வருடத்து வாராக் கடன் விழுக்காட்டைத் தள்ளிவிட்டு, ஒதுக்கீட்டை மட்டும் பாருங்கள்.

உங்கள் ஒன்பது மடங்கு திரும்ப வருவது இந்த இடத்தில்தான். 100 ரிங்கிட் சொத்துக்கு மூலதனம் 10 ரிங்கிட்டே. கடனில் 2 ரிங்கிட் முழுதாகப் போய், அதை லாபமும் ஒதுக்கீடும் தாங்கவில்லை என்றால் மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு காலி. தோட்டக் கம்பெனியில் ஒரு வருட விளைச்சல் கெட்டால் அந்த வருட லாபம்தான் போகும். இங்கே அடிமட்டமே கரையும்.

சரி, வாங்கலாமா? இப்போதைக்கு என் பதில், வேண்டாம். 900 என்றால் காலாண்டுக்குச் சராசரி 225. அடுத்த இரண்டு அறிக்கைகளிலும், கடன் வளர்ச்சி நிதானமான பிறகும், அது 200-க்குக் கீழே நின்றால் மறுபடி எடுத்துப் பார்க்கலாம். அந்தப் பட்டியல் பெரும்பாலும் வருடத் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வரும். முந்தின அறிக்கையின் எண்ணைக் கழித்தால்தான் அந்தக் காலாண்டின் எண் கிடைக்கும்.