பாலக்காடு பஸ்ஸில் என்ன சொல்லிக் கேட்பது?

“கோவையிலிருந்து வாளையார் வழியாகச் சந்திரா நகருக்கு வேலைக்குப் போகிறேன். மலையாளம் தெரியாது. உட்கார இடம் கேட்கவும் ஸ்டாப் விசாரிக்கவும் திணறுகிறேன்.”

அந்தத் தடத்தில் தமிழ் பேசினாலே பலருக்குப் புரியும், நண்பரே. அவர்கள் சொல்லும் பதில்தான் சில சமயம் நமக்குப் பிடிபடாது.

இருக்கை காலியா என்று கேட்க, “இவிடெ ஆளுண்டோ?” போதும். “உண்டு” என்றால் ஆள் வருகிறது. “இல்லா, இருந்நோளூ” என்றால் உட்காரலாம். கண்டக்டர் “முன்னோட்டு கேறி நில்க்கூ” என்றால் முன்னால் நகர வேண்டும்.

ஸ்டாப் விஷயத்தில்தான் கவனம் தேவை. டிக்கெட் வாங்கும்போதே “சந்திரா நகர் எத்தாறாகும்போ பறயணே” என்று சொல்லிவிடுங்கள், வரப்போகும்போது சொல்வார். கஞ்சிக்கோடு தாண்டியதும் பக்கத்தில் இருப்பவரிடம் “சந்திரா நகர் எத்தியோ?” என்று கேளுங்கள். “அடுத்ததா” என்றால் எழுந்து வாசல் பக்கம் போங்கள். “கழிஞ்ஞு” என்றால் ஸ்டாப் தாண்டிவிட்டது. அடுத்ததில் இறங்கித் திரும்ப வேண்டியதுதான்.

வழியில் நிற்பவரிடம் “இறங்ஙுந்நுண்டோ?” என்று கேட்டால் போதும், இறங்காதவர் தானே ஒதுங்குவார். அதற்குள் வண்டி கிளம்பப் பார்த்தால் “ஆளிறங்ஙானுண்டு!” என்று சத்தமாகச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம், அங்கே எல்லாரும் அப்படித்தான் கத்துவார்கள்.