அப்பப்பாவின் சிறிய படத்தைப் பெரிதாக்குதல்

"இடம்பெயர்வில் தப்பியது அப்பப்பாவின் கடவுச்சீட்டு அளவுப் படம் ஒன்றுதான். அசல் கிளிநொச்சியில் மாமியிடம் இருக்கிறது. என்னிடம் வைபரில் வந்த பிரதி. 16×20 அங்குலத்தில் பிரேம் போட வேண்டும், கண்கள் தெளிவாகுமா?"

வைபர் பிரதியில் வேலையைத் தொடங்காதீர்கள். அனுப்பும்போதே அது சுருக்கப்பட்டிருக்கும். அசலை 1200 டிபிஐயில் ஸ்கான் செய்து டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். 35×45 மில்லிமீற்றர் படம் அப்போது ஏறத்தாழ 1650×2125 புள்ளிகளாகும். அதை 20 அங்குல உயரத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 106 புள்ளிகள் வரும். ஆறடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப்படத்துக்கு அது போதும்.

ஆனால் புள்ளிகள் கூடுவதால் விபரம் கூடாது. மங்கிய நிறம், கீறல், மடிப்புக்கோடு ஆகியவற்றை நேர்மையாகத் திருத்தலாம். கமெரா குவியம் தவறியதால் கண்ணிமையும் கருவிழியும் ஒரே கருந்திட்டாகக் கலந்திருந்தால், அவற்றைப் பிரித்துக் காட்டும் தகவல் அந்தத் தாளிலேயே இல்லை. முகத்தைக் கூர்மையாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலி, தான் பழகிய வேறு முகங்களிலிருந்து ஒரு கண்ணை ஊகித்து வரைந்துவிடும். அது அழகாக இருக்கும், அப்பப்பாவினுடையதாக இராது. அதன் விளைவை அசலின் அளவுக்குச் சுருக்கி மேலே பொருத்திப் பாருங்கள். வேறுபட்டால் பிழை உறுதி. பொருந்தினாலும் சரியென்றாகாது, ஏனெனில் வெவ்வேறு கண்கள் சுருங்கும்போது ஒரே திட்டாகத் தெரியக்கூடும். அவரை நேரில் அறிந்த மாமியிடம் இரண்டையும் காட்டிக் கேட்பது இதைவிட நல்ல சோதனை.

என்னைக் கேட்டால், படத்தை 8×10 அங்குலத்தில் அச்சிட்டு, அகன்ற வெள்ளை மட்டை ஓரத்துடன் அதே 16×20 பிரேமுக்குள் வைப்பேன்.