ஆங்கிலத்தில் எழுதினேன், இந்தியில் பதில் வந்திருக்கிறது

"மதுரையில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்கிறேன். ஜெய்ப்பூர் கடை ஒன்றுக்கு ஆங்கிலத்தில் மெயில் அனுப்பினேன். இந்தியில் விலை கேட்டிருக்கிறார். எனக்கு இந்தி தெரியாது. ஆங்கிலத்திலேயே பதில் எழுதலாமா?"

வேண்டாம் ஐயா. அவர் உங்கள் மெயிலைப் படித்துவிட்டு, தனக்கு எளிதான மொழியில் விலை கேட்டிருக்கிறார். வாங்கும் எண்ணம் இருக்கிறது என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். அதே மெயிலுக்குப் பதிலாக, மேலே இந்தி, கீழே அதன் ஆங்கில வடிவம் என்று அனுப்புங்கள்.

மொழிபெயர்ப்புச் செயலியில் இந்திக்கு மாற்றுவதற்கு முன், தமிழில் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதிக்கொள்ளுங்கள்: "ஒரு சேலையின் விலை ரூ. 650. இந்த விலையில் ஜி.எஸ்.டி. சேரவில்லை. லாரி வாடகையை நீங்கள் தர வேண்டும். பணம் வந்த 10 நாளில் நாங்கள் சரக்கை அனுப்புவோம்." யார் தருவது, யார் அனுப்புவது என்பதை விடாமல் எழுதுங்கள். தமிழில் எழுவாயை விட்டாலும் நமக்குப் புரியும். செயலி அங்கேதான் ஆளை மாற்றிவிடும். இந்தியில் வந்ததை மறுபடி தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். "சேரவில்லை" என்பது "சேர்ந்தது" என்று திரும்பினால் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். எண்களை எழுத்தால் எழுதாமல் இலக்கத்திலேயே விடுங்கள்.

முதல் விலைப்பட்டியலையாவது இந்தி தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். இந்திப் பிரசார சபைத் தேர்வுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கக்கூடும்.

கடைசியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: "மொழிபெயர்த்துத்தான் இந்தியில் எழுதுகிறேன்; விலையிலும் நிபந்தனையிலும் ஐயம் வந்தால் கீழே உள்ள ஆங்கிலமே செல்லும்." இதை எழுதாவிட்டால், உங்களுக்கு இந்தி வரும் என்று நம்பி அவர் உடனே போனில் அழைப்பார்.