ஒப்படைத்த ஆய்வேட்டைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: அக்கா, முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைத்துப் பத்து நாள் ஆகிறது. கருத்தாய்வில் எதிர்மறையாகக் கேட்ட மூன்று கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்துவிட்டேன் என்று நேற்றுதான் தெரிந்தது. தேர்வாளர்கள் யாரென்று காதில் விழுந்தது. அவர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடட்டுமா?
– பினாங்கு வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம், தம்பி. வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் மாணவர் தேர்வாளரோடு நேரடியாகப் பேசக் கூடாது என்பது பொதுவான நடைமுறை. அதோடு, ஒருவர் பழைய கோப்பையும் இன்னொருவர் புதியதையும் படித்துவிட்டு வந்தால் வைவா அறையில் பக்க எண்கூட ஒத்துப்போகாது.

முதலில் கணக்கை மறுபடி போடுங்கள். 5 புள்ளி அளவுகோல் என்றால் அந்த மூன்று கேள்விகளின் பதிலையும் 6-இலிருந்து கழிக்க வேண்டும். 5 என்பது 1 ஆகும், 4 என்பது 2 ஆகும். பிறகு கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபாவைப் பாருங்கள். முன்பு அது குறைவாக இருந்து, ‘சிறிய மாதிரி’ என்று காரணம் எழுதிச் சமாளித்திருப்பீர்களே, அங்கேதான் இந்தப் பிழை பதுங்கியிருக்கும். எண்கள் மாறியும் முடிவுகள் அப்படியே நின்றால் திரும்பப் பெறத் தேவையில்லை. மேற்பார்வையாளரிடம் சொல்லி, ஒரு திருத்தப் பட்டியலோடு வைவாவுக்குப் போங்கள். ஆதரிக்கப்பட்ட கருதுகோள் ஒன்று கவிழ்ந்துவிட்டால், ஐந்தாம் அத்தியாயமும் கவிழ்ந்த மாதிரிதான். அப்போது திரும்பப் பெறுங்கள்.

அதற்கும் மேற்பார்வையாளர்தான் முதல் வாசல். அப்புறம் பட்டமேற்படிப்பு அலுவலகத்தில் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: ஆய்வேடு தேர்வாளர்களுக்குப் போய்விட்டதா? போகவில்லை என்றால் வேலை சுலபம். போயிருந்தால், வாசிப்பதை நிறுத்திப் பிரதியை அழிக்கும்படி அலுவலகமே அவர்களுக்கு எழுத வேண்டும். தேர்வாளர் அறிக்கை வந்து சேர்ந்தபின் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் இந்த வாரமே போங்கள்.

கடிதத்தில் தலைப்பு, மெட்ரிக் எண், ஒப்படைத்த தேதி, எந்த அட்டவணையில் என்ன பிழை, மீண்டும் எப்போது ஒப்படைப்பீர்கள் என்பது போதும். மன்னிப்புப் புராணம் வேண்டாம். மேற்பார்வையாளர் கையெழுத்து இருக்கட்டும்.

மலாயில் எழுதும்போது ஒரு சொல்லில் கவனம். உங்களுக்கு வேண்டியது ‘மெனாரிக் பாலிக்’, அதாவது ஆய்வேட்டைத் திரும்பப் பெறுவது. ‘தாரிக் டிரி’ என்றால் படிப்பையே விட்டு விலகுவது! கவுண்டரில் அவசரத்தில் அந்தப் பாரத்தை நீட்டினால், நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

திரும்பப் பெற்றதை எழுத்தில் உறுதிசெய்து வாங்குங்கள். மாணவர் பதிவு தொடர்கிறதா, அடுத்த செமஸ்டர் கட்டணம் உண்டா, உச்சக் காலவரம்புக்கு எத்தனை மாதம் மிச்சம் என்பதையும் அதே கையோடு கேளுங்கள். எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் டர்னிட்டின் மென்பொருளில் பழைய பிரதி சேமிப்பில் கிடந்தால், புதியதை ஏற்றும்போது உங்கள் எழுத்தே உங்களுக்கு எதிராகத் தொண்ணூறு விழுக்காடு ஒற்றுமை காட்டும். அதை நீக்கச் சொல்லி இப்போதே கேட்டுவிடுங்கள்.