‘No Signal’ என்று திரையில் வந்தால் போர்டு போய்விட்டதா?

கேள்வி: செட்டாப் பாக்ஸை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியுடன் இணைத்திருக்கிறோம். நேற்றிலிருந்து படம் இல்லை. பெரும்பாலும் திரை கறுப்பு, சில நேரம் ‘No Signal’. பாக்ஸில் விளக்கு எரிகிறது. பார்க்க வந்தவர் டிவி போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். கடைக்காரரோ தங்க முலாம் பூசிய கேபிள் வாங்கினால் சரியாகும் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். ‘No Signal’ என்ற எழுத்தைத் திரையில் எழுதுவதே அந்த போர்டுதான். அது முழுக்கச் செத்திருந்தால் அந்த எழுத்தும் வராது. டிவியில் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகும் இடங்களான போர்ட்களில் ஒன்று கெட்டிருக்கலாம், அது வேறு விஷயம். வந்தவர் உங்கள் டிவியின் இன்னொரு போர்ட்டில் கேபிளைச் சொருகிப் பார்த்தாரா? பார்க்காமல் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அவரை அடுத்த முறை அழைக்காதீர்கள்.

எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகியதும் படம் பாய்ந்து வந்துவிடுவதில்லை. முதலில் பாக்ஸ் 5 வோல்ட் அனுப்பும். டிவி ‘இங்கே இருக்கிறேன்’ என்று தனி ஒரு கம்பி வழியே பதில் தரும். பிறகு, டிவி எந்தெந்த அளவுப் படத்தை ஏற்கும் என்ற குறிப்பை பாக்ஸ் வாசிக்கும். கடைசியில் திருட்டு நகல் தடுப்புக்காக இரண்டும் ரகசியச் சாவிகளை ஒப்பிட்டுக்கொள்ளும். இதைத்தான் கைகுலுக்கல் என்கிறோம். ஆரம்பத்திலேயே தடுக்கினால் பாக்ஸ் எதையும் அனுப்பாது, டிவி ‘No Signal’ என்று காட்டும். சாவி ஒப்பீட்டில் தடுக்கினால் பெரும்பாலும் எழுத்தே இல்லாத வெறும் கறுப்புத் திரைதான். பாக்ஸின் மெனு தெரிகிறது, சேனல் மட்டும் கறுப்பு என்றால் சாவிச் சிக்கலைச் சந்தேகியுங்கள். காசு கட்டிப் பார்ப்பவரைத் தினமும் திருடனா என்று சோதிக்கும் இந்த ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ!

உங்களுக்கு இரண்டும் மாறி மாறி வருவதால் இணைப்பு தடுமாறுகிறது என்று தெரிகிறது. ரிமோட்டில் அணைத்து எழுப்பினால் பயனில்லை. ஸ்டாண்ட்பையில் பழைய குழப்பம் அப்படியே இருக்கும். டிவி, பாக்ஸ் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றி, எச்டிஎம்ஐ கேபிளையும் இரு முனையிலும் எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். கேபிளைத் திரும்பச் சொருகி, முதலில் டிவியைப் போட்டு, சரியான எச்டிஎம்ஐ உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்த பிறகே பாக்ஸைப் போடுங்கள். நடுவில் ஸ்ப்ளிட்டர், எல் வடிவ அடாப்டர், சவுண்ட்பார் எது இருந்தாலும் விலக்கிவிட்டு நேராக இணையுங்கள்.

அப்படியும் வராவிட்டால் போர்ட் சோதனை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். உங்கள் பாக்ஸ் முதல் போர்ட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே கேபிளோடு இரண்டாவது போர்ட்டுக்கு மாற்றுங்கள், டிவி உள்ளீட்டையும் மாற்றுங்கள். படம் வந்தால் கேபிளும் பாக்ஸும் நல்லவை. அடுத்து அதே கேபிளில் ஒரு லேப்டாப்பை முதல் போர்ட்டில் இணையுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் Win + P அழுத்தி Duplicate தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் படம் வரவில்லை என்று போர்ட்டைப் பழித்துவிடாதீர்கள். லேப்டாப்புக்கும் படம் இல்லையென்றால் முதல் போர்ட் போய்விட்டது. இரண்டாவதில் பாக்ஸை வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பாருங்கள், ஒரு போர்ட்டுக்காக போர்டை மாற்ற வேண்டிய தேவை இல்லை.

லேப்டாப் படம் வந்து, பாக்ஸ் மட்டும் அதே போர்ட்டில் வராவிட்டால்? இங்கே கொஞ்சம் நிதானியுங்கள், இதைக் கவனிக்காமல்தான் பலர் நல்ல போர்ட்டைச் செத்தது என்று எழுதிவிடுகிறார்கள். இப்போதைய பல 4கே டிவிகளில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியே ஓர் அமைப்பு உண்டு. நிறுவனத்துக்கு ஒரு பெயர்: Input Signal Plus, HDMI Ultra HD Deep Colour, HDMI signal format என்று மெனுவில் இருக்கும். அதை உயர்த்தி வைத்தால் டிவி தன்னைப் பற்றி பாக்ஸுக்குக் கொடுக்கும் குறிப்பே மாறிவிடும். சில பழைய பாக்ஸ்களுக்கு அந்தக் குறிப்பு புரியாது, திகைத்து நின்றுவிடும். லேப்டாப்புக்குப் புரியும். அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அமைப்பை அணையுங்கள், அல்லது Standard என்று மாற்றுங்கள். பாக்ஸ் குறிப்பை வாசிப்பது பெரும்பாலும் இணைக்கும்போதுதான் என்பதால், மாற்றிய பிறகு பாக்ஸின் பிளக்கைக் கழற்றி மாட்ட வேண்டும். அமைப்பை மாற்றிவிட்டு உடனே திரையைப் பார்த்து ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று கைவிடுபவர்களே அதிகம்.

எந்தப் போர்ட்டிலும் பாக்ஸ் வராமல், லேப்டாப் எல்லாவற்றிலும் வந்தால் குறை பாக்ஸில். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி கேபிளில் இணைத்துப் பாருங்கள். அதில் படம் வந்தால் பாக்ஸின் மெனுவுக்குள் போய் ரெசல்யூஷனை 1080i அல்லது 720p என்று குறைத்து, மறுபடி எச்டிஎம்ஐயில் சோதியுங்கள். டிவி தாங்காத அளவை யாரோ அழுத்தி வைத்திருக்கக் கூடும்.

இப்போது அந்தத் தங்கக் கேபிள். முலாம் பூசுவது முனை துருப்பிடிக்காமல் இருக்க மட்டுமே. படத்துக்கு அது எதுவும் கூட்டாது. 1080i படத்துக்கு நொடிக்குச் சுமார் 2.2 ஜிகாபிட், 1080p-க்குச் சுமார் 4.5 ஜிகாபிட் போதும். ‘ஹை ஸ்பீட்’ என்று முறையாகச் சான்று பெற்ற சாதாரணக் கேபிளே 10.2 வரை தாங்கும். ஆனால் கேபிள் கெடாது என்று சொல்லவில்லை. டிவியைச் சுவரோடு ஒட்டி மாட்டும்போது முனை மடங்கி உள்ளே ஒரு கம்பி அறுந்தால் கைகுலுக்கலே நடக்காது. படம் வந்து நடுவில் வெள்ளைப் புள்ளிகள் மின்னுவது, முனையை லேசாகத் தொட்டால் வந்து போவது, இவை கேபிளின் அல்லது தளர்ந்த சாக்கெட்டின் அடையாளம். எங்காவது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கேபிளை ஒரு மணி நேரம் இரவல் வாங்கிச் சோதியுங்கள். வாங்குவதாக இருந்தால் 2 மீட்டருக்குள் போதும். மிச்சத்தைச் சுருட்டி வைக்க நீளக் கேபிள் எதற்கு?

போர்ட் ஏன் சாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடி மின்னலின்போது டிஷ் அல்லது ஆன்டெனா வயர் வழியே பாயும் மின்னழுத்தம் பாக்ஸைக் கடந்து எச்டிஎம்ஐ முனையில் இறங்கும். மின்சாரம் ஓடும்போதே கேபிளைப் பிடுங்கிச் சொருகுவதும் ஆபத்து. பாக்ஸின் உலோகத்தைத் தொட்டால் கை ஜிவ்வென்றால், டிவி, பாக்ஸ் இரண்டின் பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றி, முதலில் எச்டிஎம்ஐயை மாட்டி, கடைசியாக டிஷ் வயரைத் திருகுங்கள்.

எல்லாப் போர்ட்டும், நல்ல கேபிளிலும், லேப்டாப்புக்கும் பதில் தராவிட்டால்தான் போர்டு பேச்சே எடுக்க வேண்டும். அப்போதும் சாக்கெட்டின் ஈயப்பற்று விட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சாக்கெட்டை மட்டும் மாற்றலாம். போர்டே மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். தரத் தயங்குபவர் அதைச் சரிசெய்து இன்னொருவருக்கு விற்கப் பார்க்கலாம். பாக்ஸ் குறை என்றால் சேவை எண்ணில் ‘ரீஸ்டார்ட் செய்தீர்களா’ என்று நான்கு முறை கேட்டு, ஆள் வராமலே புகாரை முடித்துவிடுவார்கள். எந்தப் போர்ட்டில், எந்தக் கேபிளில், எந்தக் கருவிக்குப் படம் வந்தது, வரவில்லை என்று ஒரு தாளில் எழுதி, அதைப் பார்த்தே பேசுங்கள். புகார் எண்ணையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.