‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று சொல்லாதீர்கள்

கேள்வி: கையில் வரும் சம்பளம் 38,000 ரூபாய். வாடகை, வண்டிக் கடன், தம்பியின் கல்லூரிச் செலவு எல்லாம் போக, ஒரு முதியோர் இல்லத்துக்கு மாதம் 1,000 அனுப்புகிறேன். அலுவலக வாசலில் நன்கொடை கேட்பவர்களிடம் ‘அடுத்த மாதம்’ என்பேன். அவர்கள் மறக்காமல் வந்துவிடுவார்கள். இப்படி இரண்டு அமைப்புகளுக்குத் தலா 800 ரூபாய் மாதாமாதம் கணக்கிலிருந்து போகிறது. போன மாதம் பணமில்லாமல் வண்டித் தவணை திரும்பிவிட்டது. மனம் நோகாமல் மறுப்பது எப்படி சார்? – ஒரு வாசகி, கோவை

பதில்: சிக்கல் உங்கள் இரக்கத்தில் இல்லை, அந்த ‘அடுத்த மாதம்’ என்ற வார்த்தையில் இருக்கிறது. உங்களுக்கு அது மறுப்பு. வந்தவருக்கு அது வாக்குறுதி. இந்த இளைஞர்களில் பலர் ஏஜென்சி மூலம் வேலை பார்ப்பவர்கள், இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற இலக்கோடு வெயிலில் நிற்பவர்கள். அவர்களை இரண்டு முறை அலையவிடுவதைவிட முதல் நிமிடத்திலேயே முடியாது என்பதுதான் மரியாதை.

இப்படிச் சொல்லுங்கள்: “நல்ல வேலை செய்றீங்க. நான் கொடுக்க நினைச்ச பணத்தை வேற ஒரு இல்லத்துக்கு ஒதுக்கிட்டேன். இப்பவும் முடியாது, அடுத்த மாசமும் முடியாது.” அதோடு நிறுத்துங்கள். கடன், தம்பி என்று காரணம் அடுக்கினால் “சரி மேடம், 300 போதும்” என்று பேரம் தொடங்கும். தொகை சிறியதா என்பதல்ல விஷயம், பணம் ஏற்கெனவே ஒதுக்கியாயிற்று. கைப்பேசி எண்ணும் தராதீர்கள். தந்தால் அழைப்பு வரும்.

“வரிவிலக்கு உண்டு” என்பார்கள். 80ஜி உண்மைதான், ஆனால் புதிய வரி முறையில் உங்களுக்கு அது கிடையாது. பழைய முறையிலும், நிலையான கழிவு போக உங்கள் வருமானம் 5 லட்சத்துக்குள் இருப்பதால் வரியே வராது. ஆக, மிச்சம் பூஜ்யம். போவதோ 1,600 வீதம் வருடத்துக்கு 19,200. நீங்களாக மனமுவந்து கொடுக்கும் 12,000-ஐவிட அதிகம்! தவணை திரும்பினால் வங்கியும் கடன் நிறுவனமும் தனித்தனியாகக் கட்டணம் போடும், கிரெடிட் ஸ்கோரும் அடிபடும்.

இப்போது பரவலாகிவிட்ட இந்த ஆட்டோ டெபிட் நன்கொடை எனக்குப் பிடிப்பதில்லை. வாசலில் இரண்டு நிமிடத்தில் போடும் கையெழுத்து வருடக்கணக்கில் பணம் எடுக்கிறது.

அந்த இரண்டையும் இந்த வாரமே நிறுத்துங்கள். யூபிஐ வழியென்றால் செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யலாம். வங்கி மேண்டேட் என்றால் நெட்பேங்கிங்கிலோ கிளையிலோ ரத்து கேளுங்கள். அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்பினால் மட்டும் போதாது. ரத்து நடைமுறைக்கு வரச் சில நாள் ஆகலாம் என்பதால், அடுத்த பிடித்தத்துக்கு முந்தைய நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். ரத்தானதாக வரும் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.