ஒரே அளவு வைப்பதா, உரிய அளவு வைப்பதா?

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். கணவர் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார். மாமியாருக்கு 70 வயது. மகளுக்கு 14, மகனுக்கு 5. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். சண்டை வரக் கூடாது என்று சோறு, கீரை, முட்டை எல்லாம் எல்லோருக்கும் ஒரே அளவுதான் வைக்கிறேன். கணவருக்குப் பசி அடங்குவதில்லை, மகன் தட்டில் மிச்சம் வைக்கிறான், மகளுக்கு ஹீமோகுளோபின் 9.8 என்கிறார்கள். ஒருவருக்குக் கூட்டி வைத்தால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?

பதில்: முதலில் சோற்றை எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள, கடுமையாக உடலை உழைக்கிற ஆணுக்கு ஒரு நாளைக்கு 3,470 கலோரி வேண்டும். உங்கள் மகளுக்கு 2,400, உட்கார்ந்து வேலை செய்கிற உங்களுக்கு 1,660, மாமியாருக்குச் சுமார் 1,500, மகனுக்கு 1,360. எல்லாவற்றையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு ஏறக்குறைய 2,080 வருகிறது. அதாவது சமமாக வைக்கும்போது கணவருக்கு சுமார் 1,400 கலோரி குறைகிறது, மகளுக்கு 300க்கு மேல் குறைகிறது. மகன் தட்டிலோ அவனுக்கு வேண்டியதைவிட 700 கூடுதலாக விழுகிறது. அவன் மிச்சம் வைப்பது அடம் இல்லை. அவனுக்கு அவ்வளவுதான் பசி.

வடித்த சோறு இருபது கரண்டி என்றால் கணவருக்கு ஏழு, மகளுக்கு நாலரை, உங்களுக்கும் மாமியாருக்கும் மும்மூன்று, மகனுக்கு இரண்டரை என்று ஆரம்பியுங்கள். பசியைப் பார்த்து அரைக் கரண்டி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

சரி, இதே கணக்கில் கீரையையும் முட்டையையும் பிரித்துவிடலாமா என்றால், கூடாது. நிறைய வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். சோறு அதிகம் வேண்டியவருக்கு எல்லாமே அதிகம் வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். இரும்புச்சத்து உங்கள் கணவருக்கு நாளைக்கு 19 மில்லிகிராம் போதும், மாதவிடாய் வருகிற வயதில் இருக்கும் மகளுக்கு 30 வேண்டும், உங்களுக்கு 29. அவர் சாப்பிடுகிற சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு சாப்பிடுகிற பெண்ணுக்கு அவரைப்போல் ஒன்றரை மடங்கு இரும்பு தேவை. அதனால் முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல் போன்றவை வரும் நாளில் பெரிய பங்கு உங்கள் இருவர் தட்டுக்கும் போகட்டும். கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொள்வது நல்லது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்க வேண்டாம், அது இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும்.

முட்டைக்கு வேறு கணக்கு. ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. கணவர் ஒரு நாளில் அரைக் கிலோ அரிசியின் சோறு சாப்பிட்டால் அதிலிருந்தே நாற்பது கிராம் அளவுக்குப் புரதம் வந்துவிடும். பருப்பும் சேர்ந்தால் அவர் தேவை பெரும்பாலும் நிறைகிறது. மகனுக்கும் மாமியாருக்கும் அந்த வழி இல்லை. வயிறு சின்னது, சோறு கொஞ்சம்தான் இறங்கும். கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் சத்து அடர்த்தியான உணவு வேண்டும். வீட்டில் மூன்று முட்டைதான் இருக்கிறது என்றால் மகன், மகள், மாமியார் மூவருக்கும் வையுங்கள். வயதானவருக்குச் சோறு குறைகிறதே என்று முட்டையையும் பருப்பையும் சேர்த்துக் குறைத்துவிடக் கூடாது.

சமமாகவே பிரிக்க வேண்டியவையும் உண்டு. அதிரசம், பாயசம், எப்போதாவது வாங்கும் ஐஸ்கிரீம் எல்லாம் உடம்பின் தேவைக்காகச் சாப்பிடுவது இல்லை, ஆசைக்காகச் சாப்பிடுவது. அங்கே ஒருவருக்குக் கூட்டினால் மகன் கேட்பது நியாயம்தான். அப்புறம், பிரிக்கும் விதியை முதலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். “அக்காவுக்கு ரத்தம் குறைவு, அதனால் கீரை அவளுக்கு அதிகம். உனக்குக் காய்ச்சல் வந்து எழுந்தால் உனக்கும் அப்படித்தான்” என்றால் ஐந்து வயதுப் பையனுக்குப் புரியும். காரணம் தெரியாமல் தட்டு மட்டும் மாறினால்தான் மனசு கோணும்.

மகள் விஷயத்தில் உணவை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அவள் வயதில் ஹீமோகுளோபின் 12க்குக் குறையக் கூடாது. 9.8 என்பது மருத்துவரைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை எடுக்க வேண்டிய அளவு. மாத்திரை ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதத்தில் ஒரு கிராம் அளவுக்கு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் குடற்புழுவோ அதிக உதிரப்போக்கோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் அன்றைக்கே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவர் தட்டில்தான் கீரை தீர்ந்துபோயிருக்கும். உங்கள் பங்கை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள்.